மெர்சிங் படகுக்கு ஒரு விளம்பர வீடியோ: நேர்மை எங்கே தொடங்குகிறது?

மெர்சிங் படகுத்துறையில் படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதைக் கடல்தான் சொல்லும். ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் வற்றிய வேளையில் பெரிய ஃபெரிகளால் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் நகரும். நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவு விடுதிகள் பலவும் மூடிக்கிடக்கும். ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன செய்தி. ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ அலைபேசியில் 40 நொடி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக் கிளம்புகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அந்த 40 நொடி வீடியோவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தீவுக்கு ஒருநாள் சுற்றுலா நடத்தும் சிறு படகுக்காரர், தங்கும் குடில்கள் நடத்தும் குடும்பம், கருவாடும் கெரோப்போக்கும் விற்கும் கடை என யாருக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு வசதி இருக்காது. சில ஆயிரம் பேர் பின்தொடரும் ஓர் இன்ஃபுளுவன்சரை அழைத்து வீடியோ எடுக்க வைப்பது அவர்களால் முடியும். பெரிய பிரபலத்தைவிட இவர்களால் பலன் கிடைப்பதும் உண்டு. பார்க்கிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். கேள்வி கேட்டால் பதில் வரும். "நம்ம பொண்ணு சொல்லுது" என்ற நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கையைத்தான் படகுக்காரர் காசு கொடுத்துக் கொஞ்ச நேரம் கடன் வாங்குகிறார். ஆகவே காசு கைமாறியது பார்க்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இது பெரும்பாலும் எங்கே கெடுகிறது? வீடியோவில் கெடுவதற்கு முன்பே, வேலை கொடுப்பவர் எழுதி அனுப்பும் பணிக்குறிப்பில் கெட்டுவிடுகிறது. துறையில் இருப்பவர்கள் 'பிரீஃப்' என்று சொல்வது இதைத்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சரியான பாடம். 2015 மார்ச்சில் சிங்கப்பூர் வலைப்பதிவர் சியாசுவே ஓர் ஆவணத்தை வெளியிட்டார். சிங்டெல் நிறுவனத்தின் இளைஞர் கைபேசித் திட்டத்தை விளம்பரப்படுத்த, கஷ்கிளவுட் என்ற முகவை தன்னிடமிருந்த பதிவர்களுக்கு அனுப்பிய பணிக்குறிப்பு அது. போட்டி நிறுவனங்களான எம்1, ஸ்டார்ஹப் ஆகியவற்றின் சேவையைப் பற்றிக் குறை சொல்லுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. பதிவர்கள் சொந்த எரிச்சலைக் கொட்டுவதாகவே படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். விஷயம் வெளிவந்ததும் சிங்டெல் போட்டி நிறுவனங்களிடம் மன்னிப்புக் கேட்டது. முகவையுடனான உறவையும் முறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, 2016-ல், சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் சமூக ஊடக விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

அங்கே தவறாக ஒன்று எழுதப்பட்டிருந்தது. எழுத வேண்டியது எழுதப்படாமல் போனதால் சிக்கிய நிறுவனமும் உண்டு. அமெரிக்கத் துணிக்கடை லார்ட் அண்ட் டெய்லர் 2015 மார்ச்சில் 50 ஃபேஷன் இன்ஃபுளுவன்சர்களுக்கு ஒரே உடையை இலவசமாகக் கொடுத்தது. அதை அணிந்து இன்ஸ்டகிராமில் படம் போட ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை தந்தது. கடையின் கணக்கை டேக் செய்ய வேண்டும், இந்த ஹேஷ்டேக்கைப் போட வேண்டும் என்று ஒப்பந்தம் விவரமாகச் சொன்னது. பதிவுகளைக் கடை முன்கூட்டியே பார்த்து ஒப்புதலும் கொடுத்தது. காசு வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை. உடை விற்றுத் தீர்ந்தது. 2016-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தபோது, அது இன்ஃபுளுவன்சர்களைத் துரத்தவில்லை; குறிப்பை எழுதிய கடையைத்தான் பிடித்தது.

மலேசியாவில் இதற்கான விதி, தொடர்பு பல்லூடக உள்ளடக்க மன்றத்தின் உள்ளடக்க நெறிமுறையில் இருக்கிறது. 2022-ல் வந்த அதன் புதிய பதிப்பு இன்ஃபுளுவன்சர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. விளம்பரம் விளம்பரமாகவே தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். இது துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஆனால் பொய்யான தகவல் கொடுத்து வாடிக்கையாளரைத் திசைதிருப்புவது வேறு விஷயம். அது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே கடை சிறியது என்பது பதிலாகாது.

இனி ஒரு மெர்சிங் குறிப்பை எழுதிப் பார்ப்போம். பூலாவ் பெசாருக்கு ஒருநாள் சுற்றுலா நடத்தும் குடும்பம் ஒன்று, ஜொகூர் பாருவில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவரை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பின்தொடர்கிறவர்கள் 8,000 பேர். சம்பளம் 500 ரிங்கிட். அவருக்கும் அவர் அக்காவுக்கும் பயணம் இலவசம்.

வேலையை உறுதி செய்யுமுன் அவருடைய கணக்கின் 'இன்சைட்ஸ்' பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். இன்ஸ்டகிராம், டிக்டாக் இரண்டிலும் பின்தொடர்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். ஜொகூர், சிங்கப்பூர் ஆட்களே அதிகம் என்றால் நல்லது. முக்கால்வாசிப் பேர் வேறு கண்டத்தில் இருந்தால் 8,000 என்ற எண் இந்தப் படகுக்கு உதவாது.

குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதலில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று, ஒன்றே ஒன்று: பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வரலாம். அதற்குக் கீழே தவறக்கூடாத தகவல்கள். புறப்படும் நேரம் அலைநீரைப் பொறுத்தது, முன்பதிவின்போது உறுதி செய்யப்படும். இந்த விலை இந்தத் தேதி வரை. விலையில் மதிய உணவும் ஸ்நோர்கலிங் சாதனமும் அடங்கும். கடல் பூங்காக் கட்டணம் அடங்காது. ஏறும் இடம் மெர்சிங் படகுத்துறை. கடைசி வரி வீணாக எழுதியதன்று. பூலாவ் சிபு போகும் படகுகள் தெற்கே தஞ்சோங் லேமானிலிருந்து புறப்படுகின்றன. பெயரைக் குழப்பி ஒரு வீடியோ வந்தால் குடும்பங்கள் தவறான துறையில் போய் நிற்கும்.

பிறகு, சொல்லக்கூடாதவை. இந்தப் பகுதியைப் பலர் எழுதுவதே இல்லை. சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் வெளிகள் உண்டு. கடற்பசுக்கள் அங்கே மேய்கின்றன. அதைச் சொல்லலாம். "வந்தால் கடற்பசு பார்க்கலாம்" என்று சொல்லக்கூடாது. அவற்றைக் காண்பது மிக அரிது. ஆமைக்கும் இதே கதைதான். "ஆண்டு முழுவதும் போகலாம்" என்பது பருவக்காற்றைத் தெரிந்தே மறைப்பது. உயிர்காப்பு மேலாடை இல்லாமல் படகில் நிற்பது போலவும், பவளப்பாறை மேல் கால் வைத்து நிற்பது போலவும் காட்சி வேண்டாம் என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். வேறு படகுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

வசனத்தை எழுதிக் கொடுப்பது பலருக்கும் பழக்கம். அதை விட்டுவிடலாம். அந்தப் பெண்ணின் பேச்சுக்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வீடியோவை வெளியிடுமுன் படகுக்காரர் ஒருமுறை பார்க்கலாம், தகவல் பிழையை மட்டும் திருத்தச் சொல்லலாம். "அலை கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு, அக்காவுக்கு வாந்தி வந்துடுச்சு" என்று அவர் சொன்னால் அது பிழையில்லை. அது அவர் கண்டது. அதை வெட்டச் சொல்லும் உரிமை 500 ரிங்கிட்டில் அடங்காது. பாராட்டினாலும் குறை சொன்னாலும் சம்பளம் உண்டு என்று குறிப்பிலேயே எழுதிவிட்டால் இரு பக்கமும் தெளிவு. கடல் கொந்தளித்துப் பயணம் ரத்தானால் என்ன செய்வது, வீடியோவைப் படகுக்காரர் தன் பக்கத்தில் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதற்கும் ஒவ்வொரு வரி இருந்தால் பின்னால் மனத்தாங்கல் வராது.

அடுத்தது அறிவிப்பு. "வெளிப்படையாகச் சொல்லவும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதால் பயனில்லை. என்ன வார்த்தை, எந்த இடத்தில், எத்தனை நேரம் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். இந்த வீடியோவுக்கு இப்படி எழுதலாம்: முதல் காட்சியிலேயே "கட்டண விளம்பரம்" என்று திரையில் படிக்கும் அளவில் போடவும், வாயாலும் ஒருமுறை, "இந்தப் பயணத்துக்கு இவங்க எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க, டிக்கெட்டும் இலவசம்" என்று சொல்லவும், பதிவின் விளக்கத்தில் முதல் வரியிலும் எழுதவும். நீளமான விளக்கத்தை இன்ஸ்டகிராம் மடித்துவிடும். கீழே மற்ற ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே இருக்கும் `#ad` யார் கண்ணிலும் படாது. `#sp`, `#collab` போன்றவை இன்னும் மோசம். துறைக்கு வெளியே பலருக்கு அவை எதுவும் உணர்த்துவதில்லை. "அழைத்த படகுக்காரருக்கு நன்றி" என்பதிலும் காசு பேசப்பட்டது தெரியாது. பணமே வாங்காமல் இலவசமாகப் போய்வந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு இந்தியாவின் விளம்பரத் தர மன்றம் 2021-ல் போட்ட கணக்கு கைக்கு உதவும். 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் அறிவிப்பு குறைந்தது 3 நொடி இருக்க வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடம் வரை என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் 40 நொடி வீடியோவில் அது ஏறத்தாழ 13 நொடி. 2023-ல் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை இன்னொன்றையும் சேர்த்தது: வீடியோ எந்த மொழியில் பேசுகிறதோ, அறிவிப்பும் அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். மலேசியாவில் இவை கட்டாயமில்லை. ஆனாலும் தமிழில் பேசி அம்மாக்களையும் பாட்டிகளையும் அழைக்கும் வீடியோ, காசு விஷயத்தை மட்டும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் சொல்வது சரியில்லை.

செயலிகளிலும் இதற்கென்று வசதி உண்டு. இன்ஸ்டகிராமில் பதிவின் மேலே `Paid partnership` என்ற சொற்கள் தோன்றும்படி அமைக்கலாம். டிக்டாக்கில் வெளியிடுமுன் `Branded content` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் போடுவது அவசியம். ஆனால் அந்தச் சிறிய எழுத்தை மட்டும் நம்பக்கூடாது, திரையில் எழுதியதும் வாயால் சொன்னதும் கூடவே இருக்கட்டும். டிக்டாக்கில் ஒரு கண்ணியும் இருக்கிறது. விளம்பரம் என்று குறித்தவுடன் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற இசையை மட்டுமே சேர்க்க முடியும். திரைப்பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காது. புதுப் பாட்டு வேண்டும் என்பதற்காகவே விளம்பரக் குறியைப் போடாமல் விடுகிறவர்கள் உண்டு. "பின்னணியில் கடல் ஓசையும் உங்கள் பேச்சும் போதும்" என்று குறிப்பில் முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் அந்தச் சபலத்துக்கு இடமில்லை.

வீடியோ வெளிவந்த பிறகு கருத்துப் பகுதியில் யாராவது "காசு வாங்கினீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று பதில் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடியும். அந்தக் கேள்வியை அழிக்கச் சொல்லிப் படகுக்காரர் கேட்கக்கூடாது.

படகுக்காரர் அதே வீடியோவைத் தன் பக்கத்தில் மறுபடி போடும்போது முதல் காட்சியை வெட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதோடு அறிவிப்பும் போய்விடும். வெட்டினால் புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டும். ஜூனில் எடுத்த வீடியோ தீபாவளி நேரத்திலும் யாரோ ஒருவர் திரையில் வரும். அதற்குள் விலை ஏறியிருக்கும், கடலும் மாறியிருக்கும். "பருவக்காற்று காரணமாகப் பயணம் நிறுத்தப்பட்டுள்ளது, மீண்டும் தொடங்கும்போது தெரிவிப்போம்" என்று எழுதி மேலே பின் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதையும் குறிப்பில் பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்.