கைகுலுக்கும் முன் ஒரு மின்னஞ்சல்

தொழில்முறைச் சந்திப்புகள் பெரும்பாலும் ஓட்டல் அரங்கில், கையில் தேநீர்க் கோப்பையுடன் நின்றபடிதான் நடக்கின்றன. காதுக்கருவி அணிந்த ஒரு பொறியாளருக்கு இதைவிட மோசமான அமைப்பு இல்லை. இரைச்சல் ஏறினால் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள். அதனாலேயே இரைச்சல் மேலும் ஏறும். கருவி எதிரே இருப்பவரின் பேச்சோடு பக்கத்து மேசைச் சிரிப்பையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அவருக்கு ஏற்றது ஆறு பேர் அமரும் வட்டமேசைச் சந்திப்பு. அது இல்லையென்றால், கூட்டம் சேருமுன் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடலாம்.

உதவி கேட்கும் கடிதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘எனக்குக் காது சரியாகக் கேட்காது, வசதி செய்யுங்கள்’ என்று எழுதினால், என்ன செய்வதென்று அமைப்பாளருக்குப் புரியாது. இரண்டு வாரம் முன்பே இப்படி எழுதலாம்: “நான் காதுக்கருவி அணிகிறேன். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, ஓரத்து மேசை வேண்டும். பேசுபவர் என் சிறிய மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பின்னணி இசையை நிறுத்த முடியுமா?” இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. நோயின் வரலாற்றைச் சொல்லவும் தேவையில்லை.

திரையில் தானாக ஓடும் எழுத்துகளை மட்டும் நம்பக் கூடாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அவை முதலில் பிழையாக்குவது ஆட்களின் பெயர்களையும் நிறுவனப் பெயர்களையும்தான். பங்கேற்பாளர் பட்டியலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

இருக்கையிலும் கவனம் வேண்டும். முன்பக்க ஒலியைக் கூர்மையாக்கும் கருவி என்றால், கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்காருவதே நல்லது. எதிரே இருப்பவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டு, உதட்டசைவு தெரியாது.