தடுத்து வைத்த சரக்கும் ஒரு திருத்தக் கடிதமும்

இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ஓர் எண் பிசகினாலும் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது. அதைத் திருத்த வழி தருவது 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 149ஆம் பிரிவு. திருத்தத்தை ஏற்பது அதிகாரியின் முடிவு என்பதால், இறக்குமதியாளர் எழுதும் கடிதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது.

திருப்பூரின் சிறு வியாபாரி ஒருவர் தூத்துக்குடி வழியாகச் சட்டைப் பொத்தான் வரவழைப்பதாகக் கொள்வோம். பெட்டிக்கு 18 கிலோ வீதம் 270 பெட்டிகள். மொத்தம் 4,860 கிலோ. கிலோ 5 டாலர் என்பதால் மதிப்பு 24,300 டாலர். சுங்க முகவரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் எண்களை இடம் மாற்றி 4,680 கிலோ என்று பதிந்துவிட்டார். மதிப்பும் 23,400 டாலராகக் குறைந்துவிட்டது. எடையில் வித்தியாசம் தெரிந்ததும் சரக்கு நிறுத்தப்படுகிறது.

அதிகாரியின் கண்ணில் இது 900 டாலர் மதிப்பை மறைத்ததாகவும் தெரியலாம். ஆகவே "தட்டச்சுப் பிழை, மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதினால் போதாது. பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, பதிந்த எண் எது, சரியான எண் எது என்று கடிதம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி எண், தேதி, கன்டெய்னர் எண் ஆகியவை பொருள் வரியிலேயே வர வேண்டும்.

கடிதத்தைத் தாங்குவது சான்று. சரக்கு கப்பலேறும் முன்பே தயாரான இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் 4,860 என்று காட்டினால், பிழை பதிவில்தான் என்பது விளங்கும். பெட்டி எண்ணிக்கையையும் மொத்த எடையையும் காட்டும் பில் ஆஃப் லேடிங் அதற்குத் துணை நிற்கும். சரக்கு நின்ற பிறகு விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிய "திருத்திய இன்வாய்ஸ்" அவ்வளவு எடுபடாது. அது சந்தேகத்தைக் கூட்டவும் கூடும். சரக்கு விடுவிக்கப்பட்ட பிறகு திருத்தம் கேட்டாலோ, விடுவித்தபோது இருந்த ஆவணங்களையே சட்டம் ஏற்கிறது.

வேண்டுகோளும் தெளிவாக இருக்க வேண்டும்: "149ஆம் பிரிவின்படி எடையையும் மதிப்பையும் திருத்தி, வரியை மறுமதிப்பீடு செய்யவும். கூடும் வரியைச் செலுத்தச் சம்மதம். தேவையானால் சரக்கைத் திறந்து பார்க்கலாம். அதன்பின் விடுவிக்க உத்தரவிடவும்." கூடுதல் வரியைத் தானே முன்வந்து சொல்வது, மறைக்கும் நோக்கம் இல்லை என்பதற்கு நல்ல அடையாளம். நாள் ஏற ஏறக் கிடங்கு வாடகை கூடும். முடிவு தாமதமாகுமானால் 49ஆம் பிரிவின் கீழ்ச் சரக்கைப் பொதுக் கிடங்குக்கு மாற்றவும் அதே கடிதத்திலேயே அனுமதி கேட்கலாம்.

இந்தக் கடிதத்துக்கு ஓர் எல்லை உண்டு. பெட்டியைத் திறந்தபோது பொத்தானுக்குப் பதில் வேறு பொருள் இருந்தால், அது எழுத்துப் பிழை ஆகாது. 111ஆம் பிரிவின்படி பறிமுதலும் 112ஆம் பிரிவின்படி அபராதமும் வரக்கூடும்.