பாலாற்றில் இறங்கிய உப்பு

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு வரும் பச்சைத் தோல், வழியில் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். முதல் வேலை அதை ஊறவைத்து உப்பை எடுப்பது. பல ஆண்டுகள் அந்தத் தண்ணீர் வாய்க்காலிலும் வெட்டவெளியிலும் விடப்பட்டுப் பாலாற்று மணலுக்குள் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிபதி குல்தீப் சிங் அதில் எழுதினார்.

ஒன்று, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது. கிணறு கெட்ட விவசாயிக்கு இழப்பீடு கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் ஆலையின் தலையில்தான்.

மற்றது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. அறிவியல் முழு முடிவு சொல்லட்டும் என்று அரசு கைகட்டி நிற்கக் கூடாது. பெரிய கேடு வரும் என்று தெரிந்தால் முன்பே தடுக்க வேண்டும். கழிவால் கெடுதல் உண்டு என்று விவசாயி நிரூபிக்க வேண்டியதில்லை. கெடுதல் இல்லை என்று ஆலைதான் நிரூபிக்க வேண்டும். ஆய்வகத்துக்குச் செலவழிக்க வழியில்லாத ஊர்க்காரருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய பலம்.

இரண்டில் முன்னெச்சரிக்கையே மேல் என்பேன். காரணம் உப்பு. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் அழுகும் கழிவைத் தின்றுவிடும்; கரைந்த உப்பைத் தொடாது. வெளிவரும் நீர் தெளிவாக இருக்கும், நாற்றமிருக்காது, நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டல் வேண்டும். அதன் பிறகும் பிரித்தெடுத்த உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி நிற்கும். நிலத்தடி நீரில் கலந்துவிட்டாலோ, பணத்தைக் கொட்டினாலும் எளிதில் வெளியே எடுக்க முடியாது.

பணமாவது வந்ததா? தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், 547 ஆலைகள் 186 கிராமங்களில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2001இல் முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு ஆழ்துளைக் கிணறு போடக்கூடக் காணாது. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.