திங்கட்கிழமை ஸ்குவாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு

ஜிம் நண்பர் ஒருவர், எடை 70 கிலோ. திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணிக்குக் கனமாகத் தூக்குவார். மற்ற நாட்களில் நடையோடு சரி. தினமும் 2,200 கலோரியில் எடை அசையாமல் நின்றது. ஆனால் ஸ்குவாட்டில் நான்காவது செட்டுக்கே கால் சொன்னபடி கேட்பதில்லை என்று புலம்பினார். கார்பைக் கூட்டினால் தொப்பை விழுமே என்ற பயம் வேறு.

கூட்ட வேண்டாம், இடம் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டோம். தினமும் 275 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாட்களில் தலா 75 கிராம் குறைத்தால் 300 கிராம் மிச்சம். அதை மூன்று நாட்களுக்குப் பிரித்தால் தலா 100 கிராம். ஆக, நான்கு நாள் 200 கிராம், மூன்று நாள் 375 கிராம். புரதமும் கொழுப்பும் ஏழு நாளும் ஒரே அளவு. நாள் கணக்கு 1,900, 2,600 என்று ஏறி இறங்கினாலும் வாரக் கணக்கு பழைய 15,400 கலோரிதான்.

அடுப்படியில் இது அரிசிக் கணக்கு. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. குறைக்கும் நாளில் கிட்டத்தட்ட 100 கிராம் அரிசி குறையும், கூட்டும் நாளில் 130 கிராம் ஏறும். வீட்டுக்கே ஒரே பானையில் வடித்தால் மொத்தச் சோற்றையும் எடை போடுங்கள்: 500 கிராம் அரிசி 1,400 கிராம் சோறானால், 100 கிராம் அரிசிக்கு 280 கிராம் சோறு. குழைய வெந்தால் இது மாறும்.

முதல் வாரம் ஒரு தப்புச் செய்தோம். தூக்கும் நாளிலேயே சோற்றைக் கூட்டினோம்; அது இலையில் விழுந்தது உடற்பயிற்சி முடிந்த பிறகு, மதியமும் இரவும். தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் செலவானால், மறுபடி நிறைய ஒரு நாள் போல ஆகும். திங்கள் விடியற்காலை எரிவது ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது. அதனால் கூட்டும் நாட்களை ஞாயிறு, செவ்வாய், வியாழனுக்கு நகர்த்தினோம். மாலையில் ஜிம் போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அன்றைய காலை, மதியச் சாப்பாட்டில் கூட்டினாலே போதும்.

திங்கள் காலை தராசு ஒரு கிலோ கூடக் காட்டியதும் மனிதர் அரண்டுபோனார். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஏறியது பெரும்பாலும் அதுதான், கொழுப்பல்ல. ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தச் சராசரியே மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் கணக்கு ஓட்டை. பெரும்பாலும் பரோட்டாதான் காரணம்: கூடுதலாக 30 கிராம் எண்ணெய் போனாலே 270 கலோரி.

வாரக் கலோரி மாறாததால் இதனால் கொழுப்பு தனியாகக் கரையாது. லேசாகத் தூக்குகிறவருக்குத் தினமும் 275 கிராமே போதும், இவ்வளவு மெனக்கெட வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சோறு குறைந்த நாளில் அதே டோஸ் போட்டால் சர்க்கரை சரேலென்று இறங்கிவிடலாம்.