மார்ஜின் 2% குறைஞ்சுதா, 10% குறைஞ்சுதா? ரிசல்ட்ல ஒளிஞ்சிருக்கும் குழப்பம்

ஒரு கம்பெனியோட காலாண்டு ரிசல்ட் வருது. வருமானம் 4% உயர்வு, ஆபரேட்டிங் மார்ஜின் 2% குறைவுன்னு போட்டிருக்காங்க. இதைப் படிக்கிற பலருக்கும் மனசுல ஓடுற கணக்கு ஒண்ணுதான்: 4 கூடியிருக்கு, 2 குறைஞ்சிருக்கு, அப்போ லாபம் எப்படியும் ஒரு 2% கூடியிருக்கும்.

உண்மையில அந்தக் கம்பெனியோட ஆபரேட்டிங் லாபம் 6.4% குறைஞ்சிருக்கலாம். ரிப்போர்ட்ல ஒரு எண் கூட தப்பா இல்லாமலே இது நடக்கும். தப்பு, அந்த "2" பக்கத்துல இருக்கிற % குறியில இருக்கு.

ஒரு கற்பனை கம்பெனியை வச்சு முழுசா பார்ப்போம். ரிப்போர்ட்ல இருக்கிற வரிகள் இவை:

- வருமானம்: போன வருஷம் இதே காலாண்டு 500 கோடி, இப்போ 520 கோடி. மாற்றம் +4%
- ஆபரேட்டிங் மார்ஜின்: அப்போ 20%, இப்போ 18%. மாற்றம் -2%

முதல் வரியில 4% எப்படி வந்தது? 20 கோடி வித்தியாசத்தை பழைய 500 கோடியால வகுத்திருக்காங்க. இது சதவீத மாற்றம். ரெண்டாவது வரியில 20-லிருந்து 18-ஐ கழிச்சிருக்காங்க, அவ்வளவுதான். வகுக்கவே இல்லை. இதுக்குப் பேர் சதவீதப் புள்ளி. ரெண்டு வரியிலயும் ரெண்டு வேற கணக்கு போட்டுட்டு, ஒரே தலைப்புக்குக் கீழ, ஒரே % குறியோட எழுதிட்டாங்க.

முதல் வரியில போட்ட கணக்கையே மார்ஜினுக்கும் போட்டா, 2-ஐ 20-ஆல வகுக்கணும். 10% வரும். அதாவது முன்னாடி ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனைக்கும் 20 ரூபாய் மிஞ்சினது. இப்போ 18 ரூபாய்தான் மிஞ்சுது. பத்துல ஒரு பங்கு போயிடுச்சு.

இப்போ லாபத்தை ரூபாயில பாருங்க. போன வருஷம் 500 கோடியில 20%, அதாவது 100 கோடி. இந்த வருஷம் 520 கோடியில 18%, அதாவது 93.6 கோடி. 6.4% சரிவு. "2% குறைவு"ங்கிறதை சதவீத மாற்றம்னு நம்பினவர் கணக்குல மார்ஜின் 19.6%-ல நிக்கும், லாபம் கிட்டத்தட்ட 102 கோடி வரும். லாபம் கூடிடுச்சுன்னு நினைச்சு ஷேர் வாங்கப் போறவரும், குறைஞ்சது தெரிஞ்சு காரணம் தேடுறவரும் படிச்சது ஒரே ரிப்போர்ட்தான்.

இது எப்படி நடக்குது?

பெரும்பாலும் எக்செல்லதான். மார்ஜின் வரியில சாதாரணமா கழிக்கிற ஃபார்முலா போடுவாங்க:

```
=C3-B3
```

B3-ல 20%, C3-ல 18% இருந்தா விடை -0.02. அந்த செல்லுக்கு % ஃபார்மட் இருக்கிறதால அது திரையில -2% ஆகிடும். எக்செல்லுக்கு சதவீதப் புள்ளின்னு தனியா ஒரு ஃபார்மட் கிடையாது. நாமதான் எழுதிக் காட்டணும். ஆபீஸ்ல மாசாமாசம் எம்ஐஎஸ் ரிப்போர்ட் போடுறவங்க இந்த ஒரு வரியை மட்டும் இப்படி மாத்திக்கலாம்:

```
=TEXT((C3-B3)*100,"0.0")&" pp"
```

இப்போ -2.0 pp-ன்னு வரும். pp-ன்னா சதவீதப் புள்ளி.

நல்ல கம்பெனிகளோட பிரசன்டேஷன்ல இந்த வரி மட்டும் bps-ன்னு முடியுறதைப் பார்த்திருப்பீங்க. அது பேசிஸ் பாயின்ட். 100 பேசிஸ் பாயின்ட் ஒரு சதவீதப் புள்ளி. நம்ம உதாரணத்துல மார்ஜின் 200 பேசிஸ் பாயின்ட் குறைஞ்சிருக்கு. ரிசர்வ் வங்கி 2025 ஜூன்ல ரெப்போ விகிதத்தை 6%-லிருந்து 5.5%-க்குக் கொண்டு வந்தப்போ "50 பேசிஸ் பாயின்ட்"னு சொன்னதும் இதுக்காகத்தான். அதை 0.5% குறைப்புன்னு எழுதினா, 6-ல அரை சதவீதம், அதாவது வெறும் 0.03-தான் குறைஞ்சதுன்னும் ஒருத்தர் படிக்கலாம்.

உல்டாவாவும் வரும்

நிகர மார்ஜின் 0.5%-லிருந்து 1.5% ஆன ஒரு கம்பெனி, "மார்ஜின் 200% உயர்வு"ன்னு தலைப்பு போடலாம். கணக்கு சரிதான். ஆனா 100 ரூபாய் விற்பனையில மிஞ்சுறது இப்பவும் ஒன்றரை ரூபாய்தான். பழைய எண் ரொம்பச் சின்னதா இருந்தா சதவீத மாற்றம் ஊதிப் பெருசாகும். பழைய எண் மைனஸ்ல இருந்தா அதுக்கு அர்த்தமே இருக்காது. அந்த இடத்துல சதவீதப் புள்ளிதான் நேர்மையான அளவு. அதனால ஒண்ணு சரி, இன்னொண்ணு தப்புன்னு இல்லை. எதைப் போட்டிருக்கோம்னு சொல்லாம விடுறதுதான் தப்பு.

இன்னொரு இடத்துலயும் உங்களுக்குக் குழப்பம் வரலாம். கம்பெனியோட ஆண்டறிக்கையில, நோட்ஸ் பகுதியில விகிதங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கும். 2021-22 நிதியாண்டுல இருந்து ஷெட்யூல் III படி இது கட்டாயம். எந்த விகிதமாவது முந்தைய வருஷத்தைவிட 25%-க்கு மேல மாறினா காரணம் எழுதணும். அங்க போடுறது வகுத்து வர்ற சதவீத மாற்றம். நிகர லாப விகிதம் 8%-லிருந்து 5.8% ஆனா, புள்ளி கணக்குல 2.2-தான். ஆனா அந்தப் பட்டியல்ல அது 27.5% சரிவுன்னு வரும், காரணமும் எழுதியாகணும். அதே கம்பெனியோட பிரசன்டேஷன் இதையே 220 பேசிஸ் பாயின்ட்னு சொல்லும். ரெண்டும் ஒரே மாற்றம்தான்.

படிக்கிறப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல, அந்த வரியே % கணக்குல இருக்கிற விஷயமான்னு பாருங்க. மார்ஜின், வட்டி விகிதம், வாராக்கடன் விகிதம் மாதிரி வரிகள்லதான் இந்தச் சிக்கல். ரூபாயில இருக்கிற வரிகள்ல இது வராது.

அப்புறம் பழைய எண், புதிய எண் ரெண்டையும் எடுத்துக் கழிச்சுப் பாருங்க. கழிச்சு வர்ற விடையே ரிப்போர்ட்லயும் இருந்தா, அது சதவீதப் புள்ளி, பக்கத்துல என்ன குறி போட்டிருந்தாலும் சரி.

தலைப்புல "2% குறைந்தது"ன்னு மட்டும் இருந்து, பழைய எண்ணும் புதிய எண்ணும் இல்லைன்னா அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. என்எஸ்இ, பிஎஸ்இ தளங்கள்ல கம்பெனி தாக்கல் செஞ்ச ரிசல்ட் இலவசமா கிடைக்கும். அதுல ஆபரேட்டிங் லாபம்னு தனி வரி பெரும்பாலும் இருக்காது. வரிக்கு முந்தைய லாபத்தை, எக்ஸப்ஷனல் ஐட்டம் சேர்க்கிறதுக்கு முன்னாடி இருக்கிறதா எடுத்துக்கோங்க. அதோட வட்டிச் செலவையும் தேய்மானத்தையும் கூட்டி, இதர வருமானத்தைக் கழிங்க. வர்றதை ஆபரேஷன்ஸ் வருமானத்தால வகுத்தா மார்ஜின். ரெண்டு காலாண்டுக்கும் இதைப் போட அஞ்சு நிமிஷம் ஆகும்.

தமிழ்ல எழுதுறப்போ ஒரு எழுத்துலயும் கவனம் வேணும். "18% ஆகக் குறைந்தது", "18% குறைந்தது", இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு "ஆக"தான். அர்த்தம் வேற. உங்க ரிப்போர்ட்ல "20%-லிருந்து 18% ஆகக் குறைந்தது"ன்னு ரெண்டு எண்ணையும் சேர்த்தே எழுதிடுங்க. படிக்கிறவர் எந்தக் கணக்கு போட்டாலும் விடை சரியா வரும்.