பெயர் போடாத எழுத்துக்கு எந்த இடம்?

ஆய்வேடு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீடித்த வளர்ச்சி பற்றியது. ‘புருண்ட்லாண்ட், 1987’ என்று நாலைந்து இடங்களில் சான்று காட்டியிருந்தது. பின்னிணைப்பின் நூற்பட்டியலிலும் ஆங்கில அகரவரிசையில் ‘பி’ எழுத்தின் கீழ் அந்த அம்மையாரின் பெயர் ஆசிரியராக நின்றது.

குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் நோர்வேயின் பிரதமராக இருந்தவர். ஐ.நா. சார்பில் சுற்றுச்சூழலுக்கும் வளர்ச்சிக்குமான உலக ஆணையம் அமைந்தபோது அதற்குத் தலைமை தாங்கினார். ‘நமது பொது எதிர்காலம்’ என்ற அதன் அறிக்கை 1987-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக வந்தது. உலகமே அதைப் புருண்ட்லாண்ட் அறிக்கை என்கிறது. ஆனால் நூலின் ஆசிரியர் அந்த ஆணையம்தான். நம் ஊரில் மண்டல் குழு அறிக்கை என்கிறோமே, அதையும் எழுதியது இரண்டாவது பிற்படுத்தப்பட்டோர் ஆணையம். பேச்சு வழக்கில் ஒட்டிக்கொண்ட தலைவர் பெயரை நம்பி ‘எம்’ எழுத்தில் அதைத் தேடுவது, வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் தெருவில் அலைவது மாதிரி.

ஆசிரியர் யார் என்பதைத் தலைப்புப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். முன்னுரையின் கீழ் அமைச்சரின் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக அவர் ஆசிரியராகிவிட மாட்டார். தலைப்புப் பக்கத்தில் ஆள் பெயர் எதுவும் இல்லாமல் நிறுவனம் மட்டும் இருந்தால், நிறுவனத்தின் முழுப்பெயரே ஆசிரியரின் இடத்துக்கு வரும். ஆகவே அந்த அறிக்கை ‘பி’யை விட்டு ‘டபிள்யூ’வுக்குப் போனது. அங்கே ஏற்கனவே உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் இருந்தன. ஆங்கிலத்தில் மூன்றுமே ‘வேர்ல்ட்’ என்று தொடங்குவதால் இரண்டாவது சொல்லைப் பார்க்க வேண்டும்: பேங்க், கமிஷன், ஹெல்த். ஆணையம் நடுவில் உட்கார்ந்தது.

சுகாதார நிறுவனத்தில் இன்னொரு சிக்கல். கட்டுரைக்குள் ‘டபிள்யூ.எச்.ஓ.’ என்று சுருக்கிவிட்டுப் பட்டியலில் முழுப்பெயரை வைத்திருந்தார் மாணவி. சுருக்கத்தை வைத்துத் தேடுகிறவர் சில வரிகள் மேலேயே தேடிவிட்டு, இல்லை என்று முடிவுகட்டுவார். ஏ.பி.ஏ. முறைப்படி பட்டியலில் முழுப்பெயர் இருப்பது சரி. கட்டுரைக்குள் முதல் முறை வரும்போது முழுப்பெயரையும் சுருக்கத்தையும் சேர்த்துக் காட்டியிருந்தால் வாசகர் வழி தவறியிருக்க மாட்டார். எம்.எல்.ஏ. முறையில் (சட்டமன்றத்தோடு சம்பந்தம் இல்லை) கதை வேறு. எழுதியதும் வெளியிட்டதும் ஒரே நிறுவனமானால் அதன் பெயரை முன்னால் போடாமல், அறிக்கையின் தலைப்பிலேயே தொடங்கச் சொல்கிறது. எந்த முறை என்பதைத் துறையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நிறுவனமும் ஆசிரியர் இல்லை, ஆளும் இல்லை என்றால்? ‘எகனாமிஸ்ட்’ இதழில் வரும் செய்திக் கட்டுரைகளுக்குப் பொதுவாக எழுதியவர் பெயர் இருக்காது. இந்த இடத்தில் பலரும் ‘பெயர் தெரியாதவர்’ என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துக் கட்டுரைகள் ஒரே இடத்தில் குவியும். படைப்பிலேயே ‘அனானிமஸ்’ என்று கையெழுத்து இருந்தாலன்றி அந்தச் சொல் வரக்கூடாது என்கிறது ஏ.பி.ஏ. இதழின் பெயரும் ஆசிரியர் ஆகாது. கட்டுரையின் தலைப்பையே முன்னால் கொண்டுவந்து, அதன் முதற்சொல்லைக் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும். ஆங்கிலத் தலைப்பின் தொடக்கத்தில் ‘தி’, ‘ஏ’, ‘ஆன்’ இருந்தால் அதைத் தாண்டி அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். தமிழ்த் தலைப்பில் வரும் ‘ஒரு’வை அப்படித் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நமக்கு அது எண்ணுப்பெயர், சுட்டிடைச்சொல் அல்ல. ஒகர வரிசையிலேயே இருக்கட்டும்.

தலைப்புகள் பட்டியலுக்குள் வந்தபிறகு கணினி வரிசைப்படுத்தும்போது ஒரு கோளாறு வருவதுண்டு. தமிழ் அகராதி வரிசையில் ழ, ள, ற, ன கடைசியில் வரும். யூனிகோடு அட்டவணையிலோ ன-வுக்கு இடம் ந-வை அடுத்து, ற-வுக்கு ர-வை அடுத்து. மதுரை, மரம், மலை, மழை, மறதி, மனம் என்று தொடங்கும் ஆறு கட்டுரைகளை அகராதி வரிசையில் வைத்தால் ‘மனம்’ ஆறாவது. யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் அதை மதுரைக்கு அடுத்ததாக, இரண்டாவது இடத்தில் வைத்துவிடும். மறதி, மலைக்கு முன்னால் ஏறிக்கொள்ளும்.

பெயரில்லாக் கட்டுரைகள் எல்லாம் பட்டியலின் தலையிலோ வாலிலோ கூட்டமாக நின்றால் காரணம் வேறு. தலைப்பைச் சுற்றியிருக்கும் மேற்கோள் குறியையும் ஓர் எழுத்தாக எண்ணிக் கணினி வரிசைப்படுத்தியிருக்கிறது. மாணவியின் பட்டியலில் ஏழு கட்டுரைகள் அப்படித்தான் உச்சியில் நின்றன. குறிகளை எடுத்துவிட்டு வரிசைப்படுத்தி, பிறகு திரும்பப் போட்டோம்.