உப்புத் தண்ணீரும் விறைத்த துணியும்

ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைத்த பருத்தித் துண்டு காய்ந்ததும் அப்பளம்போல் விறைத்து நிற்கும். ஆறு மாதத்தில் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறம் பூசிக்கொள்ளும், கறுப்புச் சட்டை வெளிறித் தெரியும். நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளே இதற்குக் காரணம். இவை மிகுந்த நீரையே கடினநீர் என்கிறோம். ஒரு லிட்டர் நீரில் இவற்றின் அளவைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, மில்லிகிராமில் சொல்வது வழக்கம். இந்தியக் குடிநீர்த் தரவிதிப்படி 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. குடிக்கத் தகுந்த இந்த நீரே துணிக்குத் தொல்லை தரக்கூடும்.

சவுக்காரக் கட்டி கடினநீரைத் தொட்டதும் அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காகத் திரிகிறது. நுரை வராததற்கு இதுவே காரணம். கடினத்தன்மை 300 உள்ள 20 லிட்டர் வாளி நீரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கால்சியத்துக்கு மட்டும் சுமார் 35 கிராம் தூய சோப்பு இரையாகிவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் அழுக்கை நீக்கும்.

பிசுக்கு துணியில் ஏறுவது பெரும்பாலும் அலசும்போதுதான். துவைத்து முடித்த துணியின் இழைகளுக்குள் சோப்பு தங்கியிருக்கும். அதைப் புதிய கடினநீரில் முக்கியதும், இழைகளின் இடுக்கிலேயே பிசுக்கு உருவாகி ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு சலவையிலும் ஒரு மெல்லிய படலம் சேரும். காய்ந்ததும் அது இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் துணி விறைக்கிறது, துண்டு ஈரத்தை உறிஞ்ச மறுக்கிறது. சலவைத்தூள் பெரும்பாலும் இப்படிப் பிசுக்காவதில்லை. ஆனால் அதிலுள்ள சலவைச் சோடா கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாகத் துணியில் படியக்கூடும்.

நிறம் வெளிறுவதில் இரு வகை உண்டு. ஒன்று, படலம் ஒளியைச் சிதறடிப்பதால் சாயம் மறைந்து மங்கலாகத் தெரிவது. மற்றது, அழுக்குப் போகவில்லை என்று கூடுதலாகத் தேய்ப்பதால் உண்மையிலேயே சாயம் போவது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. அரை வாளி மழைநீரில் 100 மில்லி வெள்ளை வினிகர் கலந்து, வெளிறிய துணியை அரைமணி நேரம் ஊறவைத்து, மழைநீரிலேயே அலசிக் காயவைக்க வேண்டும். நிறம் தெளிந்தால் படலமே குற்றவாளி. தெளியாவிட்டால் சாயம் போய்விட்டது, அதை எந்த அலசலும் மீட்காது. வினிகரை ஒருபோதும் பிளீச்சிங் பவுடருடனோ பிளீச் திரவத்துடனோ கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுவாயு வெளிப்படும்.

தடுக்கும் வழிகளில் முதன்மையானது, துணி நனைவதற்கு முன்பே நீரை மென்மையாக்குவது. மேலே சொன்ன 20 லிட்டர் வாளிக்குத் தூளான சலவைச் சோடா 10 கிராம், அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன், போதும். இது சமையலறை ஆப்பச்சோடா அல்ல. முந்தைய இரவே கரைத்துவைத்தால் கால்சியத்தின் பெரும்பகுதி வெண்பொடியாக அடியில் தங்கும். காலையில் அடிமண்டியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து, துவைக்கவும் முதல் அலசலுக்கும் பயன்படுத்த வேண்டும். முதல் அலசலிலேயே சோப்பின் பெரும்பகுதி வெளியேறுவதால், பிந்தைய அலசல்களுக்குச் சாதாரண நீர் போதும். மக்னீசியம் இம்முறையில் முழுதும் நீங்காது. பட்டு, கம்பளித் துணிகளுக்குச் சோடா ஆகாது. அவற்றுக்கு மழைநீரே நல்லது.

கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். சல்பேட், குளோரைடு உப்புகள் அப்படியே இருக்கும். படிகாரம் கலங்கலைத் தெளிவிக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. சொட்டு நீலம் மஞ்சள் சாயலை மறைக்கிறதே தவிர, படலத்தை அகற்றுவதில்லை. துணிக்கு மென்மை தரும் திரவமும் படலத்தின் மேல் இன்னொரு பூச்சாகவே அமர்கிறது. தினமும் நிறையத் துணி துவைக்கும் வீடுகளுக்கு, பிசின் மணிகள் கொண்ட மென்னீராக்கி ஏற்றது. அந்த மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புக்கரைசல் ஊற்றி அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

நீர் கடினமா என்பதை ஒரு பாட்டிலில் சோதிக்கலாம். அரைப் பாட்டில் நீரில் சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். பக்கத்தில் மழைநீரிலும் அதையே செய்து பார்க்க வேண்டும். ஒன்றில் நுரை நின்று, மற்றதில் தயிர்போல் திரிந்து மிதந்தால், துணியைக் கெடுப்பது சோப்பல்ல, தண்ணீர்தான்.